ஏற்காடு மலை மாதிரியா, தண்ணீர் மணியா?

பார்வையில்லாத எட்டாம் வகுப்புப் பையனுக்கு எந்த பிராஜக்ட் என்று சேலத்தில் ஒரு அக்கா கேட்டார். தொட்டுப் பார்க்கும் ஏற்காடு மலை மாதிரி, வயர் நுனிகளில் தண்ணீர் பட்டதும் ஒலிக்கும் மணி, இரண்டையும் செய்து பார்த்தோம்.

செலவு: மலைக்குப் பழைய அட்டைப்பெட்டி, பசை, சணல் கயிறு போதும். மணிக்கு 9 வோல்ட் பேட்டரி, பஸர், ஒரு BC547 டிரான்சிஸ்டர் வாங்க வேண்டும்.

செய்முறை: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், 200 மீட்டருக்கு ஓர் அட்டை என்றால் ஆறு அடுக்கு. 20 கொண்டை ஊசி வளைவையும் அளவு பிசகாமல் கயிற்றில் ஒட்டினோம், விரலுக்கு ஒரே முடிச்சாகத்தான் தெரிந்தது. அப்புறம் வளைவுகளை மட்டும் பெரிதாக்கி, கயிறுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, வளைவுக்கு ஒரு ஜவ்வரிசி ஒட்டியதும் கடகடவென்று எண்ணிவிட்டான்.
மணியில் சிவப்பு வயரில் ஒரு முடிச்சு போட்டால் அவனே இணைப்பான். வயர் நுனிகள் தண்ணீரில் பச்சை பிடித்தால் சத்தம் குறையும், தேய்த்துவிட வேண்டும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: ஈரம் பட்டால் அட்டை போச்சு.

தொட்டு நிதானமாகப் படிப்பவனுக்கு மலை. பொறுமை குறைவான, உடனே பலன் தெரிய வேண்டிய பிள்ளைக்கு மணி.