பாட்டிலும் புனலுமா, தானியங்கிக் கருவியா: வீட்டு மழைக் குறிப்பை எந்தச் சராசரியோடு ஒப்பிடுவது?

வீட்டில் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்குபவர் மழையிலிருந்து தொடங்குவதே நல்லது. மொட்டைமாடியில் எடுக்கும் வெப்பநிலை, சூடேறிய தளத்தாலும் சுவராலும் கெட்டுப்போகிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானிகள் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் இருப்பதால், அங்கே கணித்த சராசரியோடு மாடி அளவை ஒப்பிடுவதில் பொருளில்லை. மழையை மட்டும் சாதாரணப் பொருள்களைக் கொண்டே நிலையத்தின் முறைப்படி அளந்துவிடலாம். சென்னையின் வடகிழக்குப் பருவமழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதலில் இரண்டு கருவிகளையும், பிறகு இரண்டு வகைச் சராசரிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

கையால் அளக்கும் மழைமானி என்பது ஒரு புனல், ஒரு பாட்டில், மி.லி. குறியிட்ட ஓர் அளவுக் குவளை, அவ்வளவுதான். புனலின் வாய் 11.3 செ.மீ. விட்டம் கொண்டதாக இருந்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. ஆகும். அப்போது 10 மி.லி. நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை பெய்ததாகக் கணக்கு. வேறு அளவுள்ள புனலுக்கு, நீரின் மி.லி. அளவைப் பத்தால் பெருக்கிப் புனல் வாயின் பரப்பால் வகுத்தால் மழையளவு மி.மீ.-இல் வந்துவிடும். பெரிய புனல்தான் துல்லியம் என்று எண்ணி 16 செ.மீ. புனலை இரண்டு லிட்டர் பாட்டிலில் செருகினால், 100 மி.மீ. மழையிலேயே பாட்டில் வழிந்துவிடும். சென்னையில் அதைவிடக் கூடுதலாக ஒரே நாளில் பெய்வது அரிதல்ல. 11.3 செ.மீ. புனலென்றால் அதே பாட்டில் 200 மி.மீ. வரை தாங்கும். அதையும் மீறும் நாள்களுக்காகப் பாட்டிலை ஓர் உயரமான வாளிக்குள் நிறுத்தி, புனலின் விளிம்பு வாளியின் வாயை முழுவதும் மூடுமாறு இடைவெளியை அடைத்துவிட்டால், வழிந்த நீரையும் சேர்த்து அளக்கலாம்.

தானியங்கிக் கருவிக்குள் ஏற்றப்பலகை போல ஒரு சிறிய கவிழ்வாளி இருக்கிறது. ஒவ்வொரு முறை நிரம்பிக் கவிழும்போதும், பெரும்பாலான கருவிகளில் 0.2 அல்லது 0.3 மி.மீ. என்று ஒரு கணக்கு ஏறும். எந்த மணிக்கு எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பதை இதுதான் சொல்லும். பாட்டிலால் அது இயலாது. ஆனால் கொட்டித் தீர்க்கும் மழையில் வாளி கவிழும் அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் வராமல் போவதால், மழை வலுக்க வலுக்க இக்கருவி குறைத்துக் காட்டும். எறும்பும் சிலந்தி வலையும் காய்ந்த இலையும் துளையை அடைப்பது இன்னொரு தொல்லை. மழை நின்று பல மணி நேரம் கழித்தும் கணக்கு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால், அடைப்பினூடே நீர் சொட்டுகிறது என்று பொருள்.

ஆயினும் என் பார்வையில் முதன்மையான வேறுபாடு நாளின் எல்லையில்தான் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அந்த நேரம் வரையிலான 24 மணி நேர மழை, அளவெடுத்த தேதியில் எழுதப்படுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழை பதிவேட்டில் டிசம்பர் 2 என்று இருப்பது இதனால்தான். வீட்டுத் தானியங்கிக் கருவிகளோ பொதுவாக நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றன. அக்டோபர் 31 இரவு 10 மணிக்கு 60 மி.மீ. பெய்தால் நிலையத்தின் கணக்கில் அது நவம்பர் மழை, கருவியின் கணக்கில் அக்டோபர் மழை.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். காலை 8.30-க்குப் பாட்டிலை அளந்து எழுதியவருக்கு அந்த 60 மி.மீ. உட்பட நவம்பர் மொத்தம் 290 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் நவம்பர் இயல்பளவு, அதாவது நீண்டகாலச் சராசரி, 2015-இல் சுமார் 407 மி.மீ. எனக் கொள்ளப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் 29 விழுக்காடு குறைவு. நள்ளிரவுக் கணக்கை அப்படியே எடுத்தவருக்கு 230 மி.மீ. மட்டுமே என்பதால் 43 விழுக்காடு குறைவு. பெய்த மழை ஒன்றுதான். ஆகவே சராசரியோடு ஒப்பிடுவதே நோக்கமென்றால் பாட்டிலே மேல் என்பேன். தானியங்கியை விரும்புபவர், மணிவாரிப் பதிவை எடுத்து 8.30 முதல் 8.30 வரை தாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவியானாலும் இடம் தவறினால் பயனில்லை. முதல் பருவத்தில் நான் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். காற்றோடு சாய்ந்து வந்த மழையில் பாதியைச் சுவர் மறைத்துக்கொண்டது. தடுப்பின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. ஊரில் இல்லாத நாளுக்குப் பூஜ்யம் எழுதக் கூடாது. திரும்பி வந்தபின் 'மூன்று நாள் சேர்ந்தது' என்று குறித்து மொத்தத்தை எழுத வேண்டும். மழை நாள்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட விரும்பினால், 2.5 மி.மீ. அல்லது அதற்குமேல் பெய்த நாளைத்தான் வானிலைத் துறை மழை நாளாகக் கொள்கிறது என்பதை நினைவில் கொள்க.

இனிச் சராசரி. பொதுவாக 30 ஆண்டுகளின் கூட்டுச் சராசரியே இயல்பளவு எனப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை காலப்பகுதி நகரும் என்பதால், எந்த முப்பது ஆண்டுகள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். கூட்டுச் சராசரியின் குறை, ஓர் அசுர ஆண்டு அதைத் தூக்கிவிடுவது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1049 மி.மீ. பெய்தது. மற்ற 29 நவம்பர்களின் சராசரி 380 என்று கொண்டால், அந்த ஒரே மாதம் முப்பதாண்டுச் சராசரியை 402-க்கு உயர்த்திவிடும். முப்பது அளவுகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுக்கும் இடைநிலை அளவு இப்படி அசையாது. 'இது வழக்கமான நவம்பரா?' என்ற கேள்விக்கு இடைநிலையே பொருத்தம். ஆனால் அதைக் கணிக்க ஒவ்வோர் ஆண்டின் அளவும் கையில் இருக்க வேண்டும். அதிகாரபூர்வமான வகைப்பாடு கூட்டுச் சராசரியைக் கொண்டே செய்யப்படுகிறது: 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு, 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை. நம் 290 மி.மீ. அந்தப் பற்றாக்குறையில் விழுகிறது. மார்ச் போன்ற வறண்ட மாதங்களுக்கு விழுக்காடே வேண்டாம். இயல்பளவு சில மி.மீ. மட்டுமே இருக்கும்போது ஒரு தூறலே 200 விழுக்காடு மிகுதியாகத் தோன்றும்.

கடைசியாக, அந்தச் சராசரி நம் தெருவினுடையது அல்ல. 2015 டிசம்பர் 2 காலைப் பதிவில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மட்டுமே. எனவே மூன்று பருவங்களாவது இரண்டு அளவுகளையும் அருகருகே எழுதி விகிதம் காண வேண்டும். வீட்டில் மொத்தம் 2640 மி.மீ., நிலையத்தில் 2400 மி.மீ. என்றால் விகிதம் 1.1. அதன்படி வீட்டுக்கான தோராய நவம்பர் இயல்பளவு 448 மி.மீ. ஆகிறது, 290 மி.மீ. என்பது 29 அல்ல, 35 விழுக்காடு குறைவு. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் இந்த விகிதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.