190-ஆ, 491-ஆ?

ஆஸ்திரேலியாவுக்குத் திறன் அடிப்படையிலான விசாவில் போக நினைப்பவருக்கு வயது, படிப்பு, அனுபவம் போன்றவற்றுக்காக 70 புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாநிலப் பரிந்துரை கிடைத்தால் 190 விசாவில் 5 புள்ளி கூடி 75 ஆகும். 491-இல் 15 கூடி 85 ஆகும். பலர் 491 பக்கம் சாய்வது இதனால்தான்.

ஆனால் 190 முதல் நாளிலிருந்தே நிரந்தர விசா. 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களுக்கு வெளியேதான் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். இது குடும்பத்துக்கும் பொருந்தும். அடிலெய்டில் இருக்கும்போது மனைவிக்கு மெல்போர்னில் நல்ல வேலை கிடைத்தாலும் அங்கே குடிபோக முடியாது. எனக்கு இதுதான் மிகப் பெரிய விலையாகத் தோன்றுகிறது.

இப்படிப் பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளை 'பிராந்தியம்' என்கிறார்கள்; அதைக் கேட்டதும் பட்டிக்காடு என்று பயப்பட வேண்டாம். பெர்த், அடிலெய்டு, கான்பெரா எல்லாமே அதில் சேர்த்தி. மெடிகேர் மருத்துவ வசதியும் உண்டு.

மூன்று ஆண்டுகள் விசாவில் இருந்து, மூன்று நிதியாண்டு வரி மதிப்பீட்டு அறிவிப்புகளும் கையில் இருந்தால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

குடியுரிமைக்கு நான்கு ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும், கடைசி ஓராண்டு நிரந்தர விசாவில். 491 காலமும் இதில் சேரும். எனவே 191 தாமதமின்றி வந்தால், 190-இல் போனவரைவிட நீங்கள் அதிகம் பின்தங்க மாட்டீர்கள்.

190 அழைப்பு வந்துவிட்டால் நான் அதைத்தான் எடுப்பேன்.