கேஸ் மாத்திரையா, நீர் மாத்திரையா: மெக்னீசியம் எங்கே ஒழுகுகிறது?

மும்பை செம்பூரில் வசிக்கும் 66 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்செரிச்சலுக்காகத் தொடங்கிய கேஸ் மாத்திரை, பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், நான்கு வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் போகிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் குளோர்தாலிடோன் என்ற நீர் மருந்து 12.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, விரல்நுனி மரக்கிறது. பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு, 3.1. பத்து நாள் பொட்டாசியம் சிரப் குடித்தும் அது 3.2-ஐத் தாண்டவில்லை. அதன் பிறகே மெக்னீசியம் பார்க்கிறார்கள்: 1.1 மில்லிகிராம்/டெசிலிட்டர். பெரும்பாலான லேப்களில் இயல்பின் கீழ் எல்லை 1.6 அல்லது 1.7.

தாமதத்துக்குக் காரணம் எளியது. வழக்கமான ‘எலக்ட்ரோலைட்’ சோதனையில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மட்டுமே வரும். மெக்னீசியத்தைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். சிரப் குடித்தும் பொட்டாசியம் ஏறாததற்கும் காரணம் உண்டு. சிறுநீரகக் குழாய்ச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் துவாரத்தை உள்ளேயிருக்கும் மெக்னீசியம்தான் ஓரளவு அடைத்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் துவாரம் திறந்துகொள்ளும். குடித்த பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும்.

இப்போது கேள்வி: இரண்டு மாத்திரைகளில் எது குற்றவாளி? இரண்டும் மெக்னீசியத்தைக் குறைக்கும். ஆனால் ஒன்று வரவைக் குறைக்கிறது, மற்றது செலவைக் கூட்டுகிறது.

ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து சுமார் 100 மில்லிகிராம் மெக்னீசியம் குடல் வழியாக உடம்பில் சேர்கிறது. சிறுநீரகம் வடிகட்டுவதோ ஏறத்தாழ 2,400 மில்லிகிராம். அதில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்பட்டு, மீதி 100 மில்லிகிராம் அளவே வெளியே போகிறது. வரவும் செலவும் சமம். வடிகட்டியதில் ஒரு சிறு பங்கு குழாயின் முதல் பகுதியில் மீட்கப்படும். அறுபது, எழுபது சதவீதம் மீட்கப்படுவது ஹென்லே வளையத்தின் ஏறும் பகுதியில். கடைசியாகத் தொலைவுக் குழாயில் மீட்கப்படுவது ஐந்து முதல் பத்து சதவீதம்தான். ஆனால் அதற்குப் பிறகு மீட்க இடமே கிடையாது. அங்கே டி.ஆர்.பி.எம்.6 என்ற வாயில் திறக்கும் அளவே அன்றைய இழப்பைத் தீர்மானிக்கிறது. வரவு குறைந்தால் நல்ல சிறுநீரகம் ஒரு நாள் இழப்பை 20 மில்லிகிராம் அளவுக்குக்கூடச் சுருக்கிவிடும்.

பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் கெடுப்பது குடல் பக்கத்தை. அங்கேயும் இதே இனத்து வாயில்கள்தான் இருக்கின்றன. அமிலம் குறைந்து குடலின் காரத்தன்மை மாறும்போது அவை சரியாக வேலை செய்வதில்லை என்பதே இன்றைய விளக்கம். இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களிடமே வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில் இன்னொன்றும் இருந்தது: ஆராய்ந்த நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை, மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. கதவு மூடியிருக்கும்போது கேழ்வரகும் பருப்பும் கூட்டிச் சாப்பிட்டாலும் பெரிய பலன் இராது.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற தையசைடு வகை நீர் மாத்திரைகள் கெடுப்பது சிறுநீரகத்தின் அந்தக் கடைசி வாயிலையே. ஃப்யூரோசெமைடு, டோர்செமைடு என்ற நீர் மாத்திரைகள் ஹென்லே வளையத்தில் தடுப்பவை. மீட்பின் பெரும்பங்கு அங்கே என்பதால் இவையே மோசம் என்று தோன்றும். ஆனால் அங்கே தவறியதில் ஒரு பகுதியைத் தொலைவுக் குழாய் பிடித்துக்கொள்ளும். தையசைடு வகையில் அந்தக் கடைசிக் காவலே இல்லை.

யார் ஒழுகவிடுகிறார்கள் என்பதை ஒரே காலையில் எடுத்த ரத்தமும் சிறுநீரும் சொல்லிவிடும். இரண்டிலும் மெக்னீசியமும் கிரியாட்டினினும் வேண்டும். வடிகட்டியதில் எத்தனை சதவீதம் சிறுநீரில் தப்புகிறது என்பதே கணக்கு:

```
FEMg (%) = (UMg × SCr) ÷ (0.7 × SMg × UCr) × 100
```

U சிறுநீர், S ரத்தம். ரத்த மெக்னீசியத்தில் சுமார் 70 சதவீதமே புரதத்தோடு ஒட்டாமல் வடிகட்டப்படுகிறது, 0.7 அதற்காக. நம் அம்மாவுக்கு ரத்தக் கிரியாட்டினின் 0.9, சிறுநீர்க் கிரியாட்டினின் 60 என்று வைப்போம். சிறுநீர் மெக்னீசியம் 0.6 என்றால் விடை 1.2 சதவீதம். சிறுநீரகம் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஓட்டை குடல் பக்கம். அதுவே 3.5 என்றால் 6.8 சதவீதம். குறைபாடு இருக்கும்போது 2 சதவீதத்துக்குக் கீழே குடல், 4-க்கு மேலே சிறுநீரகம். நடுவில் விழுந்தால் மறுபடி பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கு மூன்று வகையில் ஏமாற்றும். ஊசி வழியாக மெக்னீசியம் ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீரில் விடை வீணாக உயரும். நீர் மாத்திரையைச் சில நாள் விட்டிருந்தால் வீணாகத் தாழும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இதை நம்ப முடியாது. இன்னொன்றும் முக்கியம். 1.2 வந்தால் நீர் மாத்திரையைப் பெரும்பாலும் விடுவிக்கலாம். ஆனால் 6.8 வந்தது என்பதற்காகக் கேஸ் மாத்திரையை விடுவிக்க முடியாது. வரவும் குறைந்து, சிக்கனமும் கெட்டிருக்கலாம். இரண்டும் சாப்பிடுபவர்களிடம் இது நடப்பதுதான்.

இனி மாற்று வழிகள், எல்லாம் மருத்துவரோடு பேசித்தான். குடல் பக்கம் என்றால் என் தேர்வு ஃபாமோடிடின். அமிலத்தைக் குறைத்தாலும் இது மெக்னீசியத்தை இப்படிக் குறைப்பதில்லை. ஆனால் வலு குறைவு, நாளடைவில் பழகியும் போகும். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். பான்டோப்ரசோலைத் திடீரென விட்டால் அமிலம் சில வாரம் மும்முரமாகச் சுரக்கும். பலர் அதை நோய் திரும்பியதாக நினைத்துப் பழைய மாத்திரைக்கே ஓடுகிறார்கள். 40-லிருந்து 20-க்கு இறக்கி இரண்டு வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்கலாம். மெக்னீசியம் மிகவும் தாழ்ந்திருந்தால் இந்தப் பொறுமைக்கு இடமில்லை, உடனே மாற்ற வேண்டும். நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் அளவு ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுபவர், புண்ணில் ரத்தம் கசிந்தவர் ஆகியோர் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு மாத்திரையோடு மெக்னீசியமும் சேர்த்துக் கண்காணிப்பதே வழி.

சிறுநீரகப் பக்கம் என்றால் குளோர்தாலிடோனை எடுத்துவிட்டு அம்லோடிபின் கொடுப்பது சுத்தமான தீர்வு. இதயப் பலவீனத்துக்காக நீர் மாத்திரை கட்டாயம் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் அல்லது அமிலோரைடு சேர்க்கலாம். இவை மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைக்கும். டெல்மிசார்ட்டானோடு சேரும்போது பொட்டாசியம் எல்லை தாண்டக்கூடும். ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்காமல் விடக் கூடாது.

மெக்னீசியம் மாத்திரையில் பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 400 மில்லிகிராம் மெக்னீசியம் ஆக்சைடில் உண்மையான மெக்னீசியம் சுமார் 240தான். அதிலும் குறைவாகவே உறிஞ்சப்படும், மீதி வயிற்றுப்போக்காக முடியும். அந்தப் போக்கிலேயே மெக்னீசியம் இன்னும் இழக்கப்படும். ஆகவே சாப்பாட்டோடு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. ஒரே வேளையில் ரத்தத்தில் உயர்ந்தால் சிறுநீரகம் உபரியைக் கொட்டிவிடும். வேகமாக ஊசியில் ஏற்றினாலும் பாதி வரை சிறுநீரில் போவது இதனால்தான். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்கள் சிறுநீரகத்தால் உபரியைக் கொட்ட முடியாது. மெக்னீசியம் சேர்ந்த ஆன்டாசிட் திரவமும் பேதி மருந்தும்கூட அவர்களுக்கு ஆபத்து.

வலிப்பு, மயக்கம், கை விரல்கள் கோணி இறுகுவது, நெஞ்சுப் படபடப்பு இருந்தாலோ, அளவு 1.0-க்குக் கீழே போனாலோ வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி வழியாக ஏற்ற வேண்டும். முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் சிறுநீர் மாதிரி எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.