வாராந்தர கால்: யாருடைய கடிகாரத்தில் வைப்பது?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லண்டனில் ஒரு கிளையன்ட்டுக்கும் நியூயார்க்கில் ஒரு கிளையன்ட்டுக்கும் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருடனும் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேர கால் உண்டு. லண்டன்காரர்களுக்கு அது மதியம் 1.30, நியூயார்க்கில் காலை 9.30. குளிர்காலத்தில் நமக்கு இரவு 7 மணிக்கு ஒன்று, 8 மணிக்கு இன்னொன்று. ஒன்றை முடித்ததும் அடுத்ததில் உட்காரலாம். நவம்பரிலிருந்து இப்படியே ஓடியது. 2026 மார்ச் 10 அன்று இரண்டும் ஒரே 7 மணிக்கு வந்து நின்றன. யாரும் எதையும் மாற்றவில்லை.

கோடைக்காக கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் இரண்டு நாட்டிலும் உண்டு. ஆனால் ஒரே நாளில் இல்லை. அமெரிக்காவில் மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிறு. 2026இல் அவை மார்ச் 8, மார்ச் 29. இடைப்பட்ட மூன்று செவ்வாய்க்கிழமைகளில் நியூயார்க் மாறிவிட்டது, லண்டன் மாறவில்லை. கடிகாரம் திரும்பும்போதும் இதே கதைதான்: லண்டன் அக்டோபர் 25, நியூயார்க் நவம்பர் 1. அதனால் அக்டோபர் 27 செவ்வாயும் மோதும். 2026இல் நான்கே நாள். அந்த நான்கு நாளில்தான் ஒரு கிளையன்ட் காத்திருந்து காத்திருந்து போனை வைத்துவிட்டுப் போவார்.

இதற்குத் தீர்வு என்று மூன்று வழிகளைச் சொல்வார்கள். கிளையன்ட்டின் நேரத்தில் நிறுத்துவது, நம் நேரத்தில் நிறுத்துவது, உலகப் பொது நேரமான யுடிசியில் நிறுத்துவது. மூன்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில் யுடிசியைத் தள்ளிவிடலாம். இந்தியாவில் கோடைநேர மாற்றம் கிடையாது. நம் நேரம் ஆண்டு முழுவதும் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. ஆகவே 13:30 யுடிசி என்று நிறுத்தினால் நமக்கு அது எப்போதும் இரவு 7 மணிதான். அதாவது, யுடிசியில் வைப்பதும் இந்திய நேரத்தில் வைப்பதும் நமக்கு ஒன்றே, பெயர்தான் வேறு. ஐந்தாறு நாட்டில் ஆள் இருக்கும் குழுவில், யார் பக்கமும் சாயாத ஒரு கடிகாரம் வேண்டும் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் கூடுதலாக ஒரு கணக்குதான் வரும்.

மிச்சம் இரண்டு. இந்திய நேரத்தில் நிறுத்துவது நமக்குச் சுகம். இரவு 7 என்றால் 7, சாப்பாட்டு நேரம், பிள்ளைகளின் படிப்பு எதுவும் அசையாது. அசைவது எதிர்முனை. நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 8.30க்கு இருந்த கால் கோடையில் 9.30க்குப் போகும். ஒரே ஆள் நடத்தும் சிறு நிறுவனம் என்றால் இது பெரிய விஷயமில்லை. பத்து பேர் உள்ள அலுவலகம் என்றால் அவர்களுடைய மற்ற மீட்டிங்குகள் எல்லாம் உள்ளூர் நேரத்தில்தான் நிற்கும், நம்முடையது மட்டும் நகர்ந்து அவற்றின்மேல் போய் இடிக்கும். அப்போது தள்ளிவைக்கப்படுவது நம் கால்தான். ஒரு வருடம் இந்திய நேரத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மார்ச்சில் இரண்டு வாரம் கிளையன்ட்டின் மேலாளர் வரவே இல்லை. கோபம் எதுவும் இல்லை, அந்த நேரத்தில் அவருக்கு வேறு மீட்டிங் இருந்தது.

கிளையன்ட் நேரத்தில் நிறுத்தினால் அந்தச் சிக்கல் இல்லை. நகர்வது நாம். அதற்கு ஈடாக அவர்கள் தவறாமல் வருகிறார்கள். என் முடிவு இதுதான்: எதிர்முனையில் ஒரு குழு இருந்தால் அவர்கள் கடிகாரம், தனி ஆளாக இருந்தால் நம் கடிகாரம்.

ஆனால் பேசி முடிவெடுத்தால் போதாது, காலண்டருக்குள்ளும் அது அப்படியே இருக்க வேண்டும். மார்ச் 10 அன்று ஒரே நொடியைக் குறிக்கும் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

```
DTSTART;TZID=America/New_York:20260310T093000
DTSTART;TZID=Asia/Kolkata:20260310T190000
```

காலண்டர் இன்வைட்டுக்குள் இருக்கும் வரி இது. அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். வாராவாரம் திரும்பும்படி வைத்தால் நவம்பர் 3 அன்று பிரிந்துவிடும். முதல் வரி நியூயார்க்கில் 9.30லேயே நிற்கும், நமக்கு 8 மணியாகும். இரண்டாவது நமக்கு 7லேயே நிற்கும், நியூயார்க்கில் 8.30 ஆகிவிடும். இதை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. இன்வைட்டை யார் அனுப்புகிறாரோ, பெரும்பாலும் அவர் ஊர் நேரம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. நாம் அனுப்பினால் `Asia/Kolkata`. அதனால் வாராந்தர கால் என்றால் இன்வைட்டை அவர்களையே அனுப்பச் சொல்வது நல்லது. நாமே அனுப்ப வேண்டி வந்தால், கூகுள் காலண்டரில் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் `Time zone` என்பதை அழுத்தி நியூயார்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, காலண்டரை நவம்பர் முதல் வாரத்துக்கு நகர்த்திப் பார்ப்பது. நம் பக்கத்தில் நேரம் ஒரு மணி தள்ளிப் போயிருந்தால் அது அவர்கள் கடிகாரத்தில் இருக்கிறது.

மெயிலில் எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஐஎஸ்டி என்பது நமக்கு இந்திய நேரம், அயர்லாந்துக்காரருக்கு அவர்கள் ஊர்க் கோடைநேரம், இஸ்ரேலிலும் அதே மூன்று எழுத்துதான். அமெரிக்கர்கள் பழக்கத்தில் ஜூலையிலும் ஈஎஸ்டி என்றே எழுதிவிடுவார்கள், அப்போது ஊரில் ஓடுவது கோடைநேரமான ஈடிடி. அந்த எழுத்துகளை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பும். “நியூயார்க் நேரம் காலை 9.30, கோவை நேரம் மாலை 7” என்று ஊர் பெயரை எழுதினால் குழப்பத்துக்கே இடமில்லை.

அப்புறம் அந்த மோதல். இரண்டு கால்களையும் அவரவர் கடிகாரத்தில் விட்டுவிட்டு, நடுவில் ஒரு மணி நேரம் காலியாக வைப்பதுதான் வழி. எந்த நாட்டுக் கடிகாரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போவதில்லை, ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் அதுவும் அரை மணிதான். ஆகவே ஒரு மணி இடைவெளி மோதலைத் தாங்கும். நியூயார்க் கால் நேரத்தை நகர்த்தவில்லை, ஏனென்றால் அதைத் தள்ளினால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9 மணி. லண்டனைத்தான் கேட்டேன். 12.30க்கு வைத்தாலே கணக்கு சரியாகும், ஆனால் அது அவர்கள் சாப்பிடும் நேரம். 11.30க்கு ஒப்புக்கொண்டார்கள். இப்போது நம் நேரப்படி குளிர்காலத்தில் லண்டன் மாலை 5 முதல் 6, நியூயார்க் 8 முதல் 9. கோடையில் 4 முதல் 5, 7 முதல் 8. மோதிய அந்த நான்கு செவ்வாய்க்கிழமைகளில் 5 முதல் 6, 7 முதல் 8. எல்லாவற்றிலும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்கிறது, காபி போட்டுக் குடித்துவிட்டு அடுத்த குறிப்புகளைப் படித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு முறை பேசும் கால்களுக்கு இந்த அலசல் வேண்டாம். புக்கிங் லிங்க் போதும், பார்ப்பவரின் ஊர் நேரத்தில் அது தானே காட்டிவிடும். அதில் பார்க்க வேண்டியது கிழமைதான். சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி மாலை 5 மணி, கோடையில் நமக்குச் சனிக்கிழமை காலை 5.30. லிங்கில் நாம் திறந்துவிடும் நேரங்களை நம் கிழமையில் அடைத்துவைக்காவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை யாராவது ஒருவர் பதிவு செய்துவிடுவார்.