பூந்தமல்லியா, நாவலூரா? மெட்ரோவின் இரு முனைகளில் வீடு வாங்குமுன் ஓர் ஒப்பீடு

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் அமையும் மூன்று வழித்தடங்களில் ஒன்று கலங்கரை விளக்கத்தில் தொடங்கி மேற்கே பூந்தமல்லி புறவழிச்சாலையில் முடிகிறது. மற்றொன்று மாதவரத்தில் தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலையின் வழியே நாவலூரைக் கடந்து சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. ஏறத்தாழ ஒரே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படுக்கையறை வீடு தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரு முனைகளுக்கும் இடையேதான் தடுமாறுகின்றன. விற்பனையாளர்கள் இரண்டு இடங்களுக்கும் அதே நான்கு காரணங்களைச் சொல்கிறார்கள்: மெட்ரோ வருகிறது, பெருஞ்சாலை வருகிறது, நிறுவனங்கள் வருகின்றன, தண்ணீர் வருகிறது. இந்த ‘வருகிறது’ என்ற சொல் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அளந்துவிட்டால் ஒப்பீடு தானாகவே தெளிந்துவிடும்.

ஓர் அரசுத் திட்டம் அறிவிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, நிர்வாக அனுமதி, நிதி ஏற்பாடு, நில எடுப்பு, ஒப்பந்தப்புள்ளி, கட்டுமானம் என்ற படிகளைக் கடந்தே மண்ணுக்கு வருகிறது. விளம்பரங்களில் முதற்படியும் கடைசிப் படியும் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன. என் கணக்கில் நில எடுப்பு முடியாத எந்தத் திட்டத்துக்கும் வீட்டு விலையில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கான 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 2008-ல் பணி தொடங்கி, நாலரை கிலோமீட்டருக்குப் பாலம் எழும்பிய பிறகும், ஆதம்பாக்கம் பகுதியில் எஞ்சிய சுமார் அரை கிலோமீட்டர் நிலம் வழக்குகளில் சிக்கியதால் 10 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ரயில் ஓடவில்லை. 2008-ல் ‘ரயில் நிலையம் அருகில்’ என்று நம்பி வாங்கியவர் தம் வீட்டுக்கடனின் பெரும்பகுதியை ரயிலைப் பார்க்காமலேயே கட்டி முடித்திருப்பார்.

இந்த அளவுகோலில் மெட்ரோவைப் பொறுத்தவரை இரு முனைகளுமே தேறுகின்றன. இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டாலும், 63,246 கோடி ரூபாய்க்கான மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை மாநில அரசின் நிதியும் வெளிநாட்டுக் கடன்களும் பணியை நகர்த்தின. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் நகரவில்லை. பூந்தமல்லி முனையில் பணிமனை அமைந்திருப்பதும், அங்கிருந்து கோடம்பாக்கத்தை நோக்கி வரும் பகுதி சுரங்கமின்றித் தூண்களின் மேல் செல்வதும் அந்தப் பக்கத்துக்கு வாய்த்த நன்மைகள். அதனால்தான் 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. பணிமனையோடு இணைந்த மேம்பாலப் பகுதி பெரும்பாலும் முதலில் திறக்கும். நடுவிலுள்ள சுரங்கப் பகுதி கடைசியில்தான் முடியும்.

பூந்தமல்லிக்கு அப்பால் நிலைமை வேறு. அந்தப் பாதையைச் சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டர் நீட்டிக்கும் யோசனை, விரிவான திட்ட அறிக்கை என்ற படியை எட்டியிருக்கிறது. அதன் பயன் பரந்தூர் விமான நிலையத்தைச் சார்ந்தது. அந்த விமான நிலையமோ நிலம் கொடுக்க மறுக்கும் கிராமங்களின் நீண்ட போராட்டத்தைச் சந்தித்து வருகிறது. ஆகவே பூந்தமல்லி நகருக்குள் வாங்குபவரும், நசரத்பேட்டையைத் தாண்டி ‘வருங்கால மெட்ரோ’ பெயரில் மனை வாங்குபவரும் ஒரே பொருளை வாங்கவில்லை.

சாலையில் ஒரு பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் செல்லும் வெளிவட்டச் சாலை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. அது பூந்தமல்லியின் மேற்கு விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு, ஐந்து பகுதிகளாகக் கட்டப்படுவது சென்னை எல்லைச் சாலை. இது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமாகச் செல்வதால் பூந்தமல்லியிலிருந்தும் விலகியிருக்கிறது. அதன் தென்முனை நாவலூருக்கு வெகு தெற்கே இருக்கிறது. இரு இடத்து விற்பனையாளர்களும் இந்தச் சாலையைத் தங்கள் வரைபடத்தில் வரைந்து காட்டுவதில் பொருளில்லை. இத்தகைய சாலைகளில் நினைத்த இடத்தில் ஏற முடியாது என்பதால், சாலை வீட்டருகே செல்வதைவிட ஏறும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சாலையில் பூந்தமல்லிக்குத் தெளிவான முன்னிலை உண்டு. நாவலூர் இன்றும் தெற்கு வடக்காகச் செல்லும் ஒரே பெருஞ்சாலையையே நம்பியிருக்கிறது. மெட்ரோத் தூண்கள் எழும் ஆண்டுகளில் அந்தச் சாலையின் அகலமும் குறைகிறது.

வேலைவாய்ப்பில் முடிவு தலைகீழாகிறது. நாவலூரிலிருந்து சில கிலோமீட்டரில் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. வாடகைக்கு முழு வீடு எடுக்கக்கூடிய சம்பளம் பெறுவோர் அங்கே வேலை செய்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைக் காட்டிக் கணக்குச் சொல்வார்கள். வேலைகளின் எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் விடுதியிலோ பகிர்ந்த அறையிலோ தங்கி நிறுவனப் பேருந்தில் செல்பவர்கள். அந்த வேலைகள் பூந்தமல்லியின் இரு படுக்கையறை வீட்டுக்கு வாடகைக்காரரை அதிகம் கொண்டுவருவதில்லை. அந்த வீட்டுக்கு வாடகை தருபவர் போரூர், மணப்பாக்கம் பக்கமுள்ள தகவல் தொழில்நுட்ப வளாகத்திலோ கிண்டியிலோ அம்பத்தூரிலோ வேலை பார்ப்பவராக இருப்பார்.

ஒரே முதலாளியையோ ஒரே தொழிலையோ நம்புவதன் ஆபத்தை இரண்டு பக்கமும் பார்த்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. சிறுசேரியில் அடி வேறு வகையில் விழுந்தது. 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வாடகைக்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்ப, ஒரே தொழிலை நம்பிய வட்டாரத்தில் வீடுகள் ஒன்றாகக் காலியாயின. மேற்குப் பகுதியில் கார், கைப்பேசி, கண்ணாடி, மென்பொருள் என்று தொழில்கள் கலந்திருப்பதால் அடி விழுந்தாலும் பரவலாக விழும். வாடகை வருமானம் மட்டுமே நோக்கமானால் நாவலூர். வேலை மாறினாலும் வீடு மாறாமல் இருக்க விரும்பினால் பூந்தமல்லி என்பது என் கணிப்பு.

தண்ணீருக்கு அதிக இடம் கொடுக்கிறேன், ஏனெனில் இரண்டு இடங்களிலும் ஒரே வகையான ஏமாற்றம் காத்திருக்கிறது: நீர் அருகிலேயே இருக்கிறது, குழாயோ கடந்து போகிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியும், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமும் இருக்கின்றன. அந்த நிலையம் கட்டப்பட்டது சென்னை மாநகருக்காக. நாவலூருக்குத் தெற்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2013 முதலும், 15 கோடி லிட்டருக்கான இரண்டாம் ஆலை 2024 பிப்ரவரி முதலும் இயங்குகின்றன. அவற்றின் நீரும் முதன்மையாக வடக்கே தென்சென்னையை நோக்கியே செல்கிறது. 40 கோடி லிட்டர் திறனுடன் பேரூரில் கட்டப்படும் ஆலையின் நீரைப் போரூர் வரை கொண்டுசெல்லக் குழாய் திட்டமிடப்பட்டிருப்பது மேற்குப் பக்கத்துக்கு ஓரளவு நம்பிக்கை. போரூருக்கு அப்பாலுள்ள பூந்தமல்லித் தெருவுக்கு அது எப்போது பிரியும் என்பது தனிக் கேள்வி.

எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வீடு இருக்கிறது என்பதே குழாயின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. 2011-ல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி பழைய மகாபலிபுரம் சாலையில் செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. அதை அடுத்த நாவலூர் ஊராட்சி. சாலையோரம் நடந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டுக்கு வடக்கே குடிநீர் வாரியம் பொறுப்பு; தெற்கே ஊராட்சியும், ஆழ்துளைக் கிணறும், லாரியும். பூந்தமல்லியோ நகராட்சி, அதனாலேயே குழாயில் நீர் கொட்டும் என்று சொல்லவில்லை, ஆனால் இணைப்புக் கேட்டு முறையிட ஓர் அலுவலகம் இருக்கிறது.

200 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவின்படி நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர். மொத்தம் 1,08,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்பது. கணக்குக்காக ஒரு லாரி 1,500 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 13,500, மாதத்துக்கு 4,05,000, வீட்டுக்கு 2,025 ரூபாய். இது முழுவதும் லாரியை நம்பும் நிலை; ஆழ்துளைக் கிணறு பாதி கொடுத்தால் பாதியாகும். ஆகவே, குடியிருப்போர் சங்கத்திடம் கடந்த மூன்று ஆண்டுகளின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான லாரிப் பட்டியல்களைக் கேட்டு வாங்கி, ஜனவரி மாதத்தோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் நிலத்தடி நீர் கோடையில் கைவிடுகிறது என்று பொருள். கட்டி முடியாத திட்டமாக இருந்தால், பக்கத்திலுள்ள பழைய குடியிருப்பிடம் இதே கேள்வியைக் கேட்கலாம். ஏரிகள் வறண்ட 2019 கோடையை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டால், பட்டியலில் இல்லாததும் வெளிவரும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சந்தேகம் எஞ்சும்: இந்த நன்மைகள் எல்லாம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டனவா? பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில், வாங்க நினைக்கும் சர்வே எண்ணுக்கும் அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று பார்த்தால், ஒவ்வொரு கிரயத்தின் தொகையும் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். மெட்ரோப் பணி தொடங்குவதற்கு முந்தைய 2019-ன் மறுவிற்பனை விலைகளையும் கடந்த ஓராண்டின் விலைகளையும் சதுர அடிக்கு மாற்றி அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் முழுத்தொகையும் எழுதப்படாத பழக்கம் இருப்பதால் தொகையைவிட ஏற்ற விகிதத்தை நம்புவது நல்லது. இரு ஊர்களிலும் ஏற்றம் ஒத்திருந்தால், குடியிருப்பதற்காக வாங்குபவருக்கு நான் பூந்தமல்லியையே சொல்வேன். கணவன் மனைவியரில் ஒருவருக்காவது சிறுசேரியில் வேலை உறுதியாக இருந்து, மூன்று கோடைகளின் லாரிப் பட்டியலும் கைக்கு வந்தால் மட்டும் நாவலூர். பட்டியலைக் காட்ட மறுக்கும் குடியிருப்பை, எந்த முனையில் இருந்தாலும், பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம்.