ஹம்மிலிருந்து பாசல் வரை: டிஏபி+, எஃப்எம், அப்புறம் அந்த TA பொத்தான்

பாசலில் இருக்கும் மச்சான் ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறான். வண்டி சுத்தம், விலையும் இறங்கியிருக்கிறது, ஆனால் ரேடியோவில் எஃப்எம் மட்டும்தான், டிஜிட்டல் ஒலிபரப்பான டிஏபி+ இல்லை. "டிஏபி இல்லாட்டி பரவாயில்லையா அண்ணை?" என்று கேட்டான். சுவிஸில் இருப்பவனுக்குப் பதில் லேசு. அங்கே பொது ஒலிபரப்பு 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு எஃப்எம்மை நிறுத்திவிட்டது. எஸ்ஆர்எஃப் செய்தி கேட்க வேண்டுமென்றால் டிஏபி+ பூட்டத்தான் வேண்டும், அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துப் பார். ஜேர்மனியில் ஓட்டும் எங்களுக்குத்தான் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. இரண்டும் உள்ள ரேடியோவோடு சில வருடங்களாக ஹம்மிலிருந்து ஏ45, ஏ5 வழியாகப் பாசலுக்குப் போய்வருகிறேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டிஏபியின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி நாடு முழுக்க 5C என்ற ஒரே சேனலில் வருகிறது. எல்லாக் கோபுரங்களும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவதால் ரேடியோ எங்கேயும் தாவ வேண்டியதில்லை. இரண்டு கோபுரங்களின் அலை முன்பின்னாக வந்தாலும், வித்தியாசம் கால் மில்லிவிநாடிக்குள் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்காது, பலம்தான் சேர்க்கும். தூரக் கணக்கில் அது எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஹம்மில் போட்ட பேச்சு நிகழ்ச்சி எல்லை வரை கை படாமல் ஓடும். இரைச்சல் என்ற பேச்சே இல்லை.

ஆனால் அலை போனால் ஒரேயடியாகப் போகும். எஃப்எம் மெல்ல மெல்ல இரையும், பேச்சு அப்போதும் புரியும். டிஏபி கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு, சேற்றில் கால் இழுபடுவதுபோல் இரண்டு தரம் கொழகொழத்து, அப்படியே ஊமையாகும். ஸாவர்லாந்து மலைகளுக்குள் ஏ45 பள்ளத்தில் இறங்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம்.

அங்கேதான் என் எரிச்சல் தொடங்குகிறது. டிஏபி போனதும் அதே நிலையத்தின் எஃப்எம்முக்குத் தானாக மாறும் வசதி என் ரேடியோவில் இருக்கிறது. கேட்க அருமையாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. டிஏபி ஒலி குறியாக்கம் ஆகி வருவதால் பெரும்பாலும் எஃப்எம்மைவிடச் சில விநாடி பிந்தித்தான் வரும். எஃப்எம்முக்குத் தாவும்போது அந்தச் சில விநாடிப் பேச்சு காணாமல் போகும், திரும்பி வரும்போது கேட்ட வசனத்தையே மறுபடி கேட்கலாம். மேட்டில் ஏறும்போது டிஏபி, பள்ளத்தில் எஃப்எம் என்று ஒரே செய்தி நொண்டி நொண்டி வரும். கால்பந்து வர்ணனையில் கோல் அடித்த விநாடியே விழுங்கப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டையும் நேரம் பொருத்தி மாற்றும் ரேடியோக்களும் உண்டு, என்னுடையது அந்த ரகம் இல்லை. மெனுவில் போய் அந்த இணைப்பை நிறுத்திவிட்டேன்.

இதோடு ஒப்பிட்டால் பழைய ஆர்டிஎஸ்ஸின் தாவல் எவ்வளவு நேர்த்தி! எஃப்எம் அலையோடு ஒட்டிக்கொண்டு விநாடிக்கு 1187.5 பிட் மட்டும் போகும் மெல்லிய தரவு அது. அதில் ஒவ்வொரு தொகுதியிலும் நிலையத்தின் அடையாள எண் இருக்கும், விநாடிக்குப் பதினொரு தரம் வரும். கூடவே, இதே நிகழ்ச்சி வேறு எந்த அலைவரிசைகளில் கிடைக்கும் என்ற பட்டியலும் வரும். ரேடியோ பட்டியலில் ஒன்றை எட்டிப் பார்த்து, அடையாள எண் பொருந்தினால் தங்கும், இல்லையென்றால் திரும்பிவிடும். கார்ல்ஸ்ரூவைத் தாண்டி ஃப்ரைபூர்க் வரை SWR3 கேட்டுக்கொண்டு போனால், திரையில் பெயர் மாறாது, அடியில் அலைவரிசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டில் ஒரு தட்டு விட்டதுபோல்கூடத் தெரியாது.

அதற்கும் ஒரு கோணல் உண்டு: REG என்ற வட்டார அமைப்பு. WDR 2 நாள் முழுக்க ஒரே நிகழ்ச்சி, நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் வட்டாரச் செய்திக்காகப் பிரியும். வட்டாரத்தைச் சொல்வது அடையாள எண்ணின் இரண்டாவது இலக்கம். REG நிறுத்தி இருந்தால் ரேடியோ அந்த இலக்கத்தைக் கண்டுகொள்ளாமல் பலமான அலைக்குத் தாவும். டோர்ட்முண்ட் பக்கத்துச் செய்தி பாதியிலேயே ஸீகன் பக்கத்துச் செய்தியாகும். REG போட்டிருந்தால் தன் வட்டாரத்தை விடாமல் இரைச்சலிலும் பிடித்துக்கொண்டு தொங்கும். நீண்ட பயணத்துக்கு நிறுத்திவைப்பதே நல்லது. ஆனால் ஹெஸ்ஸன் மாநில எல்லையில் எதைச் செய்தாலும் WDR 2 முடிந்துவிடும். அங்கே வேறு ஒலிபரப்பாளர், பட்டியலில் அடுத்த கோபுரம் கிடையாது. hr3-ஐ நீங்கள்தான் தேட வேண்டும்.

இனி TA, அதாவது பயணத் தகவல் வந்தால் பாட்டை வெட்டி அதை ஒலிக்கவிடும் பொத்தான். USB-யில் பழைய பாட்டு உருகிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று இரண்டு மடங்கு சத்தத்தில் ஒரு குரல் வந்து, நான் போகவே போகாத சாலையில் நான்கு கிலோமீட்டர் நெரிசல் என்று சொல்லும். பயணத் தகவலின் ஒலியளவு தனி அமைப்பு, அதைக் குறைக்கலாம். சில நேரம் தகவல் முடிந்ததைச் சொல்லும் குறி பள்ளத்தில் கிடைக்காமல் போகும். அப்போது பாட்டு திரும்பாது, விளம்பரம் வரை கேட்கலாம். பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் விடும். நெரிசலுக்கு வழிகாட்டிச் செயலி போதும், TA எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஆனாலும் நான் அணைப்பதில்லை. ஒரு இரவு ஏ5-இல், ஓஃபன்பூர்க் பக்கம், பாட்டை வெட்டிக்கொண்டு அறிவிப்பு வந்தது: உங்களுக்கு எதிரே தவறான திசையில் ஒரு வாகனம் வருகிறது, வலது ஓரமாகவே ஓட்டுங்கள், யாரையும் முந்தாதீர்கள். நான் இடது தடத்தில் ஒரு லொறியை முந்திக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்து லொறிக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன். எதிர்வண்டியை நான் காணவில்லை, கொஞ்ச நேரத்தில் ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு TA மேல் எனக்கு இருக்கும் கோபம் சத்தத்தோடு மட்டும்தான்.

ஒன்று கவனியுங்கள். USB கேட்கும்போது ரேடியோ பின்னணியில் கடைசியாக வைத்த நிலையத்தைத்தான் காவல் பார்க்கும். திரையில் TP என்று வந்தால் அந்த நிலையம் அறிவிப்பு தரும் என்று அர்த்தம். டிஏபியிலும் அறிவிப்புக் குறி உண்டு, ஆனால் எல்லா நிலையமும் அனுப்புவதில்லை. என் வண்டியில் அதற்கு மெனுவில் தனி அமைப்பு வேறு. அதனால் பாட்டு போடுமுன் SWR3-ஐ எஃப்எம்மில் வைத்து, TP தெரிகிறதா என்று பார்த்துவிட்டே USB-க்கு மாறுவேன்.

போன மாதம் சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தார்கள். முன்பு ஒரு விரலில் அழுத்திய TA இப்போது நான்காவது மெனுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அணைத்தபடி. நான் நிறுத்திவைத்த டிஏபி-எஃப்எம் தாவல் திரும்பவும் வேலை செய்கிறது. இரைச்சலில்லாத ஒலியில் டிஏபியை மிஞ்ச எஃப்எம்மால் முடியாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த கார் பார்க்கப் போகும்போது ரேடியோவில் நான் முதலில் தேடப்போவது TA என்று எழுதிய, விரலால் அழுத்தக்கூடிய ஒரு பொத்தானைத்தான்.