காத்திருப்பு நேரம்: சராசரியா, ஒரு மணி தாண்டியவர்களா?

சிறு கிளினிக்கின் கணினித் திரையில் காத்திருப்புக்கு ஓர் எண்தான் வைக்கலாம் என்றால் எதை வைப்பது: சராசரி நேரத்தையா, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களின் பங்கையா? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சந்தை நாளை எடுத்துக்கொள்வோம். 20 நோயாளிகள், 15 பேர் 15 நிமிடம் காத்திருந்தார்கள், 5 பேர் 75 நிமிடம்.

காட்டுவது: சராசரி 30 நிமிடம் என்கிறது, எல்லை 40 என்றால் எச்சரிக்கையே வராது. மற்றதோ நான்கில் ஒருவர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதைச் சொல்கிறது.

உழைப்பு: இரண்டுக்கும் டோக்கனில் வந்த நேரமும் மருத்துவர் அழைத்த நேரமும் போதும்.

தூண்டும் செயல்: சராசரி ஏறினால் என்ன செய்வதென்று விளங்காது. மற்றதில் பத்தில் ஒருவர் தாண்டியதுமே, கட்டு மாற்றுவதையும் ஊசியையும் செவிலியரிடம் தனி வரிசைக்கு மாற்றிவிடலாம்.

பொறுக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் இரண்டிலும் விழமாட்டார்கள். அழைத்த நேரம் எழுதப்படாத டோக்கன்களை மாலையில் எண்ணி, அவர்களையும் தாண்டியவர்களாகவே சேருங்கள். அப்படித் திரும்பிய ஒரு பெரியவர் மாத்திரை தீர்ந்து வந்தவராக இருக்கலாம்.

இன்னொரு மருத்துவரை அமர்த்தலாமா என்று மாதங்களை ஒப்பிடச் சராசரி போதும். அன்றன்றைய திரைக்கு ஒரு மணி தாண்டியவர்கள்தான் வேண்டும்.